ஃபைவரில் முதல் ஆர்டரும் அதற்கு அடுத்த ஆர்டர்களும்

ஃபைவர் தளம் 2010இல் தொடங்கியபோது அதில் வேலைகளின் அடிப்படை விலை ஐந்து டாலர். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இப்போது விலையை விற்பவரே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தளம் இயங்கும் விதம் பெரிதாக மாறவில்லை. இங்கே வேலை செய்பவர் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பதில்லை. தன் வேலையை அளவு, நாள், விலை குறித்து ஒரு சரக்கைப்போலக் கடைவிரிக்கிறார். தேவைப்படுபவர் தேடி வந்து வாங்குகிறார். அப்படி விரித்து வைத்த ஒவ்வொரு சரக்குக்கும் 'கிக்' என்று பெயர்.

விற்பவரைப் பற்றிய சுயவிவரப் பக்கம் வேறு, கிக் வேறு என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தேடுபவர் கண்ணில் முதலில் படுவது கிக். அது பிடித்திருந்தால்தான் யார் இந்த ஆள் என்று சுயவிவரத்தைத் திறக்கிறார். புதியவர்கள் பலர் சுயவிவரத்தில் படிப்பு, அனுபவம், ஆர்வம் என்று நிரப்பிவிட்டு, கிக்கை அரைமணி நேரத்தில் எழுதி முடிக்கிறார்கள். உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் அதற்கு நேர்மாறானது. சுயவிவரத்துக்கு முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படமும், கிக்கில் சொன்னதையே உறுதிப்படுத்தும் நாலைந்து வரிகளும் போதும். பயனர்பெயரை மட்டும் யோசித்து வைக்க வேண்டும். அதைப் பின்னால் மாற்ற முடியாது.

கிக் எப்படி அமைய வேண்டும் என்பதை ஒரு வேலையை வைத்தே பார்க்கலாம். தமிழில் பேசப்படும் காணொளிகளுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதித் தருவது அந்த வேலை. இதை வாங்குபவர்கள் யார் என்று சொல்வது எளிது. டொரன்டோவிலோ லண்டனிலோ இருந்து சமையல் காணொளி போடும் குடும்பம், திரைவிழாவுக்குக் குறும்படம் அனுப்பும் இயக்குநர், முதியவர்களின் பேட்டியைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஆய்வாளர் போன்றவர்கள்.

புதியவருக்கு இயல்பாகத் தோன்றுவது 'மொழிபெயர்ப்பு, தட்டச்சு, சப்டைட்டில், குரல் பதிவு எல்லாம் செய்வேன்' என்ற கிக். அதில்தான் முதல் சறுக்கல். மொழிபெயர்ப்பு என்ற சொல்லைத் தேடினால் நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் பெற்ற பழைய விற்பனையாளர்கள் வரிசையாக நிற்பார்கள். மதிப்புரை ஒன்றுகூட இல்லாதவர் அங்கே கடைசிப் பக்கத்தில் கிடப்பார். தமிழ்க் காணொளிக்கு ஆங்கில சப்டைட்டில் என்று குறுக்கினால் போட்டியாளர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். இன்னும் ஒரு படி குறுக்கலாம். யாழ்ப்பாணத் தமிழ் நன்றாகப் புரியும் என்றால் அதைத் தனியாகச் சொல்லலாம். வட்டார வழக்கு புரிந்த ஆள் கிடைக்காமல் திண்டாடும் வாங்குபவர் உண்மையிலேயே இருக்கிறார். அவருக்கு மதிப்புரை எண்ணிக்கையைவிடத் தன் அம்மா பேசுவது இந்த ஆளுக்குப் புரியுமா என்பதே பெரிய கேள்வி.

கிக்கின் தலைப்பு 'I will' என்று தொடங்கும். மொத்தம் 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும். வாங்குபவர் தேடல் பெட்டியில் எதைத் தட்டுவாரோ அந்தச் சொற்கள் தலைப்பில் இருக்க வேண்டும். தலைப்புடன் ஐந்து தேடல் சொற்களைக் குறிச்சொல்லாகக் கொடுக்கலாம்.

```
I will create English subtitles in SRT for your Tamil video

tamil subtitles
tamil to english
srt file
youtube subtitles
sri lankan tamil
```

'உயர்தரமான', 'தொழில்முறை' போன்ற அடைமொழிகளுக்குத் தலைப்பில் இடம் கொடுப்பது வீண். அவற்றை யாரும் தேடுவதில்லை. எல்லாக் கிக்கிலும் அவை இருப்பதால் படிப்பவர் கண்ணிலும் நிற்பதில்லை.

தேடல் பக்கத்தில் தலைப்போடு ஒரு படமும் தெரியும். அந்தப் படத்தைத்தான் வாங்குபவர் முதலில் பார்க்கிறார். மடிக்கணினியின் முன் சிரிக்கும் பெண், கைகுலுக்கும் இரண்டு கைகள் போன்ற கடன்வாங்கிய படங்களால் பயனில்லை. வேலையையே படமாக்க வேண்டும். இடப்பக்கம் பேச்சில் உள்ள தமிழ் வரி, வலப்பக்கம் அதற்கு எழுதிய சப்டைட்டில். யாழ்ப்பாணப் பேச்சிலிருந்து இந்த வரியை எடுத்துக்கொள்ளலாம்: 'யாழ்ப்பாணத்திலயிருந்து வெளிக்கிட முதல் அம்மாவோட கதைச்சனான்.' மதுரைக்காரர் காதுக்கு இது அம்மாவிடம் ஏதோ கதை சொன்னதுபோல ஒலிக்கும். அங்கே 'கதைப்பது' என்றால் பேசுவது. 'வெளிக்கிடுவது' என்றால் புறப்படுவது. இதைச் சரியாகப் பிடித்த சப்டைட்டில் கோப்பு இப்படி இருக்கும்:

```
1
00:00:04,200 --> 00:00:07,600
I spoke to my mother
before leaving Jaffna.
```

முதல் வரி வரிசை எண். இரண்டாவது, வாசகம் திரையில் தோன்றி மறையும் நேரம். அடுத்து வாசகம். ஒரு திரைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு ஏறக்குறைய 42 எழுத்து என்பது இந்தத் தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. இந்த ஒரு மாதிரியைப் பார்த்ததும் விவரம் தெரிந்த வாங்குபவருக்கு மூன்று செய்திகள் கிடைத்துவிடுகின்றன. இவருக்கு வழக்கு புரிகிறது, கோப்பு வடிவம் தெரிகிறது, வாசகத்தை அளவாக வெட்டத் தெரிகிறது. இந்த மூன்றையும் வாக்கியங்களாக எழுதியிருந்தால் அவர் நம்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. முந்தைய வாடிக்கையாளர் இல்லாதவர் மாதிரி காட்ட முடியாது என்பது தவறான எண்ணம். தானே பேசிப் பதிவு செய்த இரண்டு நிமிடக் காணொளிக்குச் சப்டைட்டில் போட்டு அதையே மாதிரியாக வைக்கலாம். அடுத்தவர் காணொளியை அனுமதியின்றி எடுத்து வைக்கக் கூடாது.

விவரிப்பில் எழுத வேண்டியவை சில செய்திகள்தாம். என்ன கிடைக்கும், எந்த வடிவத்தில், எந்த வழக்குகள் புரியும், எது விலையில் சேராது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னணிப் பாடல்களின் வரிகளை மொழிபெயர்ப்பது சேருமா? சப்டைட்டிலைக் காணொளியிலேயே பதித்துத் தருவது சேருமா? இதை எழுதாமல் விட்டால் ஆர்டர் வந்தபின் தகராறாக முளைக்கும்.

விலை வைப்பதில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். ஒரு கிக்கில் மூன்று தொகுப்புகள் வைக்கலாம். விலையைப் போட்டியாளரைப் பார்த்து வைப்பதற்கு முன் தன் நேரத்தை அளந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சைக் கேட்டு எழுத அரைமணி நேரம், மொழிபெயர்க்க நாற்பது நிமிடம், நேரக்குறி பொருத்த இருபது நிமிடம், முழுதாக ஓட்டிப் பார்த்துத் திருத்தக் கால்மணி நேரம் ஆகிறது என்று கொள்ளலாம். மொத்தம் ஒன்றே முக்கால் மணி. விலை 10 டாலர் என்றால் தளம் 20 விழுக்காடு எடுத்துக்கொண்டு 8 டாலர் தரும். மணிக்கு நாலரை டாலருக்குச் சற்றுக் கூட. இது நிலையான கூலியாக இருக்க முடியாது. ஆனால் முதல் சில ஆர்டர்களுக்குத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளக்கூடிய கூலி. இதே வேலைக்கு 5 டாலர் வைத்தால் கையில் வருவது 4 டாலர். மணிக்கு இரண்டு டாலர் சொச்சத்துக்கு உழைப்பவர் மூன்றாவது ஆர்டரிலேயே சலித்துப்போய் அவசரமாக வேலையை முடிப்பார். அதனால் வரும் மோசமான மதிப்புரை மலிவு விலையால் கிடைத்ததையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

இந்தக் கணக்கின்படி தொகுப்புகளை 5 நிமிடத்துக்கு 10 டாலர், 15 நிமிடத்துக்கு 28 டாலர், 30 நிமிடத்துக்கு 54 டாலர் என்று வைக்கலாம். பெரிய தொகுப்புக்குச் சிறு தள்ளுபடிக்கு மேல் தரக் கூடாது. முப்பது நிமிடப் பேச்சு ஐந்து நிமிடத்தைப்போல ஆறு மடங்கு வேலை. குரல் பழகிவிடுவதால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். கெடு நாளைத் தன்னால் முடிவதைவிட ஒரு நாள் கூட்டிப் போடுவது நல்லது. மின்வெட்டும் காய்ச்சலும் கெடு பார்த்து வருவதில்லை.

இதோடு ஒரு கேள்விப் பட்டியலையும் கிக்கில் சேர்த்துவிடலாம். ஆர்டர் போட்டதும் வாங்குபவர் அதற்குப் பதில் தர வேண்டும். பதில் தந்த பிறகுதான் கெடுவுக்கான கடிகாரம் ஓடத் தொடங்கும். காணொளியின் இணைப்பு, ஆட்பெயர் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவை, பிரிட்டிஷ் எழுத்துமுறையா அமெரிக்க முறையா, பாடல் வரிகள் வேண்டுமா என்ற நான்கு கேள்விகள் இந்த வேலைக்குப் போதும். கட்டாயக் கேள்வி என்று குறிக்காமல் விட்டால் சிலர் காணொளியையே அனுப்பாமல் ஆர்டரைத் தொடங்கிவிடுவார்கள். கடிகாரம் மட்டும் ஓடும்.

கிக்கை வெளியிட்டபின் வாரக்கணக்கில் ஆர்டர் வராமல் இருக்கலாம். அப்போது எதையாவது மாற்றிப் பார்ப்பதற்கு முன் தளம் காட்டும் எண்களைப் பார்க்க வேண்டும். கிக் எத்தனை முறை தேடலில் தெரிந்தது, எத்தனை பேர் அதைத் திறந்தார்கள், எத்தனை ஆர்டர் ஆனது என்று மூன்று எண்கள் இருக்கும். தேடலிலேயே தெரியவில்லை என்றால் கோளாறு தலைப்பிலோ குறிச்சொல்லிலோ தேர்ந்த பிரிவிலோ இருக்கிறது. தெரிந்தும் யாரும் திறக்கவில்லை என்றால் படமும் தொடக்க விலையும் பிடிக்கவில்லை. திறந்து பார்த்தவர்கள் வாங்காமல் போனால் மாதிரியும் விவரிப்பும் அவர்களை நம்ப வைக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரமாவது விட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போகும்.

புதிய கணக்குக்கு முதலில் வரும் செய்திகளில் சில ஏமாற்றுக்காரர்களுடையவை. 'ஆர்டர் போட்டுவிட்டேன், பணம் பெற இந்த இணைப்பில் உறுதிசெய்யுங்கள்' என்றோ, 'விவரத்துக்கு டெலிகிராமில் வாருங்கள்' என்றோ வரும். உண்மையான ஆர்டர் தளத்தின் ஆர்டர் பக்கத்தில்தான் தெரியும். அதை உறுதிசெய்ய வெளி இணைப்பு எதுவும் தேவைப்படாது. வேலை கொடுக்க முன்பணம் கேட்பவரும் வாங்குபவர் அல்லர்.

உண்மையான வாங்குபவர் ஒருவர், 12 நிமிடச் சமையல் காணொளி ஒன்றின் இணைப்பை அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'முடியும் ஐயா, ஆர்டர் போடுங்கள்' என்ற உடனடிப் பதிலை அவர் ஏற்கனவே நாலு பேரிடம் வாங்கியிருப்பார். காணொளியை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு எழுதும் பதில் வேறு மாதிரி இருக்கும். நாலாவது நிமிடத்தில் மிக்சி ஓடும் சத்தத்தில் இரண்டு வாக்கியம் சரியாகக் கேட்கவில்லை என்று அதில் சொல்லலாம். 'தாளிப்பது' என்ற சொல்லுக்கு ஆங்கிலச் சொல் போடுவதா, அப்படியே விட்டு முதல்முறை மட்டும் விளக்குவதா என்று கேட்கலாம். இப்படி எழுதுபவர் வேலையை ஏற்கனவே தொடங்கிவிட்டார் என்பது வாங்குபவருக்குப் புரிந்துவிடுகிறது. அந்தப் பதிலோடு 12 நிமிடத்துக்கு 23 டாலர், மூன்று நாள் என்று தனிச் சலுகை ஒன்றை அனுப்பலாம். வாங்குபவர் அதை ஏற்றாலே ஆர்டர் ஆகிவிடும். மாதிரி கேட்டால் ஒரு நிமிடப் பகுதிக்குச் செய்து காட்டலாம். முழுக் காணொளியையும் 'சோதனைக்கு' இலவசமாகக் கேட்பவருக்கு மறுத்துவிடுவதே நல்லது.

அடுத்த ஆர்டருக்கான விதை முதல் ஆர்டரை ஒப்படைக்கும்போது விழுகிறது. இங்கே செலவிடும் இருபது நிமிடத்துக்கு ஈடான பலன் கிக் எழுதுவதில்கூடக் கிடைக்காது. கோப்பை ஒப்படைக்கும் முன் விஎல்சி போன்ற ஒரு மென்பொருளில் காணொளியோடு சேர்த்து முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்தும் கோப்பில் இருந்தால் யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் தெரியும். கோப்பின் பெயர் வாங்குபவரின் காணொளிப் பெயரோடு ஒத்துப்போக வேண்டும்.

கூடவே ஒரு சிறு குறிப்பும் போக வேண்டும். எந்த நிமிடத்தில் பேச்சு தெளிவாக இல்லை, அங்கே என்ன ஊகித்து எழுதப்பட்டது என்பதை அதில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெருங்காயம், கறிவேப்பிலை, ஒடியல் போன்ற சொற்களுக்கு எந்த ஆங்கில வடிவம் பயன்படுத்தப்பட்டது என்று ஒரு சொற்பட்டியலும் சேர்க்கலாம். இந்தப் பட்டியல் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அடுத்த வாரக் காணொளிக்கு வேறொருவரிடம் போனால் கறிவேப்பிலையின் எழுத்துக்கோவை மாறிவிடும் என்பது வாங்குபவருக்கு உறைப்பது அதைப் பார்க்கும்போதுதான். அவர் ஏதாவது திருத்தம் சொன்னால் பட்டியலிலும் அதை ஏற்றிவிட வேண்டும். ஒருமுறை சொன்ன திருத்தத்தை மறுமுறை சொல்ல நேராத இடத்தைத் தேடித்தான் வாங்குபவர் திரும்பி வருகிறார்.

கெடு நெருங்குகிறது என்பதற்காக வெற்றுக் கோப்பை ஒப்படைத்துக் கடிகாரத்தை நிறுத்துவது தளவிதிக்கு எதிரானது. நேரம் போதாதென்று தெரிந்தவுடன், கெடு முடிவதற்குள்ளேயே, நீட்டிப்புக் கேட்பதே வழி. ஒப்படைத்தபின் வாங்குபவர் மூன்று நாள் பதில் தராவிட்டால் ஆர்டர் தானாக முடிந்ததாகக் கொள்ளப்படும். பணம் அன்றே கைக்கு வராது. சாதாரண விற்பனையாளருக்கு அதற்குமேல் 14 நாள் ஆகும். பிறகு பேயோனியர் போன்ற சேவை வழியாக வங்கிக் கணக்குக்கு எடுக்கலாம். அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. ஆகவே சிறுசிறு தொகையாக எடுக்காமல் சேர்த்து எடுப்பது லாபம். முதல் மாதம் செய்த வேலைக்கு இரண்டாம் மாதம்தான் காசு என்று வீட்டுக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மதிப்புரை எழுதும்படி கெஞ்சுவதோ, ஐந்து நட்சத்திரம் கேட்பதோ விதிமீறல். வாங்குபவர் எல்லோரும் பார்க்க எழுதும் மதிப்புரை தவிர, தளத்துக்கு மட்டும் தெரியும்படியும் கருத்துச் சொல்கிறார். வெளியே ஐந்து நட்சத்திரம் தந்து உள்ளே குறை சொல்வதும் உண்டு. மதிப்புரைகள் நன்றாக இருந்தும் தேடலில் கிக் கீழே இறங்குகிறது என்றால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கலாம். ரத்தாகும் ஆர்டர்களும் விற்பவரின் மதிப்பெண்ணைக் குறைக்கும். செய்ய முடியாத வேலையைத் தொடக்கத்திலேயே மறுப்பதால் அந்த அளவு சேதமில்லை.

திரும்ப வரும் வேலைக்குத் தகுந்த வாங்குபவரைத் தேடிக்கொள்வதும் விற்பவர் கையில்தான் இருக்கிறது. கலியாணக் காணொளி ஒருமுறையோடு முடிந்துவிடும். குறும்பட இயக்குநர் ஆண்டுக்கொருமுறை வருவார். வாரம் ஒரு காணொளி போடும் சமையல் சேனலுக்கோ தொடர் பேட்டிகள் வைத்திருக்கும் ஆய்வாளருக்கோ ஐம்பது வாரமும் வேலை இருக்கும். எனவே முதல் ஆர்டரை ஒப்படைக்கும் செய்தியிலேயே, அடுத்த காணொளி எப்போது வரும் என்று தெரிந்தால் அந்த நாளை ஒதுக்கி வைக்கலாம் என்று ஒரு வரி எழுதுவது பொருத்தம். ஒரே காணொளி அனுப்பியவருக்கு மாதாந்தர ஒப்பந்தப் பேச்சை உடனே எடுக்கக் கூடாது. மூன்றாவது ஆர்டருக்குப் பிறகு எடுக்கலாம். அப்போதும் நான்கு காணொளியை ஒரே பெரிய ஆர்டராகக் கட்டுவதைவிட ஒவ்வொன்றையும் தனி ஆர்டராக வைப்பது புதியவருக்குப் பாதுகாப்பு. ஒவ்வொன்றாக முடிய முடியக் காசும் வந்துகொண்டிருக்கும். ஒரு காணொளியில் எழும் பிணக்கு மற்ற மூன்றையும் பிடித்து வைக்காது.

உறவு பழகியதும் வாங்குபவரே, 'இனி வாட்ஸப்பில் பேசிக்கொள்வோம், இருபது விழுக்காடு மிச்சம்' என்று சொல்லக்கூடும். தளத்தில் அறிமுகமானவரிடம் தளத்துக்கு வெளியே பணம் வாங்குவது கணக்கையே மூட வைக்கும். மூடப்பட்டால் சேர்த்து வைத்த மதிப்புரைகளும் அதோடு போய்விடும். வெளியே செய்த வேலைக்குப் பணம் வராவிட்டால் முறையிட இடமும் இல்லை.

விலை உயர்த்தும் காலத்தைக் காலண்டரைவிட ஆர்டர் வரிசை நன்றாகக் காட்டும். வாரத்தில் செய்ய முடிந்த நேரம் பழைய வாங்குபவர்களாலேயே நிரம்பிவிட்டால் புதியவர்களுக்கான கிக் விலையை 10 டாலரிலிருந்து 14 டாலருக்கு ஏற்றலாம். கையில் 11 டாலர் 20 சென்ட் வரும். வேலை பழகி ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது என்றால் மணிக்கு ஏழரை டாலருக்கு அருகில் வந்துவிடும். பழைய வாங்குபவருக்குத் தனிச் சலுகையாகப் பழைய விலையையே சில காலம் தொடர்ந்து, எந்த மாதத்திலிருந்து மாறும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். சொல்லாமல் ஏற்றினால் அவர் காரணம் கேட்க மாட்டார். அடுத்த ஆர்டர் வராமலே போகும். ஒரே நேரத்தில் எத்தனை ஆர்டர் ஏற்கலாம் என்று வரம்பு வைக்கவும், தேர்வுக் காலத்திலோ பொங்கல் நாட்களிலோ கிக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும் தளத்தில் வசதி இருக்கிறது. அந்த நாட்களில் வரும் காணொளி எதுவென்று பழைய வாங்குபவரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு முடித்துக் கொடுத்துவிட்டால், கடை சாத்தியிருந்ததை அவர் கவனித்திருக்கவும் மாட்டார்.